Kp, Kc மாற்றும்போது விடை தவறுகிறதா? எத்தனை மடங்கு தவறுகிறது என்று பாருங்கள்

சமநிலை மாறிலியைச் செறிவிலிருந்து அழுத்தத்துக்கு மாற்ற ஒரே ஒரு வாய்பாடுதான் இருக்கிறது. அதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனாலும் விடைத்தாள் திருத்தும்போது அதிகம் தவறாக வருவதைப் பார்ப்பது இந்தக் கணக்கில்தான். தவறும் விடைகள் ஏதோ ஒரு எண்ணாக வருவதில்லை. ஒவ்வொரு தவறும் சரியான விடையைக் குறிப்பிட்ட ஒரு மடங்கால் பெருக்கியோ வகுத்தோ விடுகிறது. அந்த மடங்கைப் பார்த்தாலே எங்கே சறுக்கினோம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதனால் உங்கள் விடையும் புத்தக விடையும் பொருந்தவில்லை என்றால் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டாம். முதலில் பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து, வரும் மடங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளோடு ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் அமோனியாவையே எடுத்துக்கொள்கிறேன். ஒரே வினையை வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொரு தவறும் விடையை எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்று தெரியும்.

முதலில் சரியான விடை

```
N2(g) + 3H2(g) ⇌ 2NH3(g)
500 °C-இல் Kc = 0.060

Kp = Kc (RT)^Δn
Δn = (விளைபொருள் வாயு மோல்கள்) − (வினைபடுபொருள் வாயு மோல்கள்)
   = 2 − 4 = −2
R = 0.08206 L·atm/(mol·K)
T = 500 + 273.15 = 773.15 K
RT = 63.44
Kp = 0.060 × (63.44)^(−2) = 0.060 / 4025 = 1.49 × 10^−5
```

இதை நம்ப வேண்டுமானால் வாய்பாட்டைத் தொடாமல் இன்னொரு வழியில் போய்ப் பார்க்கலாம். நல்லியல்பு வாயுவுக்கு P = cRT. அதாவது 773.15 கெல்வினில் ஒரு லிட்டரில் ஒரு மோல் வாயு இருந்தால் அது 63.44 அட்மாஸ்பியர் அழுத்தம் தரும். சரி, ஒரு கலவையை நாமே உருவாக்குவோம். நைட்ரஜன் லிட்டருக்கு 0.50 மோல், ஹைட்ரஜன் 1.00 மோல் என்று வைத்தால், Kc 0.060 ஆக இருக்க அமோனியா 0.173 மோல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் 63.44 ஆல் பெருக்கிப் பகுதி அழுத்தங்களை எடுங்கள்.

```
P(N2)  = 31.72 atm
P(H2)  = 63.44 atm
P(NH3) = 10.99 atm

Kp = (10.99)^2 / (31.72 × 63.44^3) = 1.49 × 10^−5
```

அதே எண் வந்துவிட்டது. (RT)^Δn என்பது இந்த மூன்று பெருக்கல்களையும் ஒரே அடியில் செய்யும் சுருக்கவழி மட்டுமே. மேலே இரண்டு முறை 63.44 வருகிறது, கீழே நான்கு முறை வருகிறது, அடிபட்டதுபோக மிச்சம் கீழே இரண்டு. Δn என்ற எண் அந்த மிச்சத்தைத்தான் எண்ணிச் சொல்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் இனி வரும் தவறுகளில் பாதி வராது.

அறிகுறி 1: விடை கோடி மடங்கு பெரிதாக வருகிறது

Kp = 1.49 × 10⁻⁵ வர வேண்டிய இடத்தில் 241 என்று வருகிறது. வகுத்துப் பார்த்தால் சுமார் 1 கோடியே 60 லட்சம் மடங்கு. இந்த எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் 4025 கிடைக்கும். அது (RT)² என்று மேலேயே பார்த்தோம். 4025 ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டால் சரியான விடையிலிருந்து 4025 × 4025 மடங்கு விலகிப் போவோம். ஆகவே இது குறியில் நேர்ந்த தவறு. −2 இருக்க வேண்டிய இடத்தில் +2 உட்கார்ந்திருக்கிறது.

குறி இரண்டு வழிகளில் புரளும். ஒன்று, கழித்தலைத் திருப்பிப் போடுவது. சமன்பாட்டை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், அதனால் கை தானாகவே 4 − 2 என்று எழுதிவிடுகிறது. விளைபொருள்தான் முதலில் வர வேண்டும். இன்னொன்று, Kp கொடுத்து Kc கேட்கும்போது நடப்பது. Δn-ஐச் சரியாகவே −2 என்று எழுதியிருப்பார்கள், ஆனால் வாய்பாட்டைத் திருப்பாமல் Kp-ஐ (RT)⁻² ஆல் பெருக்கிவிடுவார்கள். திருப்பும்போது Kc = Kp (RT)^(−Δn). அமோனியாவுக்கு அது (RT)^(+2) ஆகிவிடும். இரண்டு தவறுக்கும் மடங்கு ஒன்றேதான், அதனால் எது என்று உங்கள் கணக்கின் வரிகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

புத்தக விடை பக்கத்தில் இல்லாதபோதும் இதைப் பிடிக்கலாம். லிட்டரும் அட்மாஸ்பியரும் பயன்படுத்தும்போது RT எப்போதும் 1-ஐவிடப் பெரியது, ஏனென்றால் RT 1 ஆக வேண்டுமானால் வெப்பநிலை சுமார் 12 கெல்வினுக்கு இறங்க வேண்டும். அந்தக் குளிரில் நாம் பேசும் வாயுக்கள் எல்லாம் உறைந்து கிடக்கும். எனவே வினை நடக்கும்போது வாயு மோல்கள் குறைந்தால் Kp, Kc-ஐவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கூடினால் பெரியதாக இருக்க வேண்டும். மாறாவிட்டால் இரண்டும் ஒன்றே. அமோனியா வினையில் நான்கு மோல் வாயு இரண்டாகிறது. Kc 0.060 ஆக இருக்க Kp 241 ஆக முடியாது. இந்த ஒரு பார்வையை விடை எழுதியதும் போட்டுவிடுங்கள், ஐந்து விநாடிகூட ஆகாது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. செறிவை லிட்டருக்குப் பதிலாகக் கன மீட்டருக்கு எத்தனை மோல் என்று எடுத்து, அழுத்தத்தை அட்மாஸ்பியரிலேயே வைத்தால், RT = 0.0634 ஆகிவிடும். அப்போது பெரிது சிறிது என்ற விதி தலைகீழாகிவிடும். அலகைப் பார்த்துவிட்டுத்தான் விதியைப் பயன்படுத்த வேண்டும்.

அறிகுறி 2: பத்தாயிரம் மடங்கு சிறியதாக வருகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இங்கே தவறு என்று நாம் அடிப்பது சில சமயம் தவறே அல்ல.

விடை 1.45 × 10⁻⁹ என்று வருகிறது. சரியான விடையை இதால் வகுத்தால் சுமார் 10,270. அதன் வர்க்கமூலம் 101.3. இந்த எண்ணைப் பார்த்ததும் மணி அடிக்க வேண்டும். ஒரு அட்மாஸ்பியர் என்பது 101.325 கிலோபாஸ்கல். R-க்கு 0.08206 போட வேண்டிய இடத்தில் 8.314 போட்டிருக்கிறீர்கள்.

```
RT = 8.314 × 773.15 = 6428
Kp = 0.060 / (6428)^2 = 1.45 × 10^−9
```

8.314 என்றதும் நமக்கு ஜூல்தான் நினைவுக்கு வருகிறது, ஆற்றல் கணக்குகளில் அதைத்தானே போடுகிறோம். ஆனால் ஒரு ஜூல் என்பது ஒரு கிலோபாஸ்கல் பெருக்கல் ஒரு லிட்டர். ஆகவே 8.314 என்பதை கிலோபாஸ்கல்-லிட்டர் அலகில் உள்ள R என்றும் படிக்கலாம். Kc லிட்டருக்கு மோல் கணக்கில் இருந்து, R 8.314 ஆக இருந்தால், வரும் Kp கிலோபாஸ்கலில் உள்ள Kp. மேலே வந்த 1.45 × 10⁻⁹ பொய்யான எண் அல்ல. நைட்ரஜன், ஹைட்ரஜன், அமோனியா மூன்றின் பகுதி அழுத்தங்களையும் கிலோபாஸ்கலில் எழுதி Kp-ஐக் கணக்கிட்டால் அச்சாக இதே எண்தான் வரும். சந்தேகம் இருந்தால் முதல் பகுதியில் உள்ள மூன்று அழுத்தங்களையும் 101.325 ஆல் பெருக்கிப் போட்டுப் பாருங்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவி இந்த எண்ணை எழுதி, பக்கத்தில் கிலோபாஸ்கல் என்றும் குறித்திருந்தாள். விடைக்குறிப்பில் 1.5 × 10⁻⁵ இருந்ததால் நான் மதிப்பெண் போடவில்லை. அவள் வந்து கேட்டபோதுதான் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். அவள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகு Kp எழுதும்போது எந்த அழுத்த அலகு என்று பக்கத்தில் எழுதாமல் நான் விடுவதில்லை, மற்றவர்களையும் எழுதச் சொல்கிறேன்.

உண்மையான பிழை அதற்கு அடுத்த படியில் வரும். 8.314 வைத்து Kp கண்டுபிடித்துவிட்டு, அதில் அட்மாஸ்பியரில் உள்ள அழுத்தங்களைக் கொண்டுபோய்ப் போடுவார்கள். அமோனியாவின் அழுத்தம் நூறில் ஒரு பங்காக வரும். அதே போல 8.314-ஐப் பாஸ்கல் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. பாஸ்கல் வேண்டுமானால் செறிவும் கன மீட்டருக்கு மோல் கணக்கில் இருக்க வேண்டும். Kc லிட்டரில் இருந்து அழுத்தம் பாஸ்கலில் வேண்டுமானால் R = 8314. அப்போது Kp = 1.45 × 10⁻¹⁵.

எந்த R போடுவது என்று குழப்பம் வந்தால் இரண்டு கேள்வி போதும். என் Kc எந்தக் கன அளவில் இருக்கிறது? என் Kp எந்த அழுத்தத்தில் வேண்டும்? அந்த இரண்டு அலகும் எந்த R-இல் இருக்கின்றனவோ அதுதான் உங்கள் R. லிட்டரும் அட்மாஸ்பியரும் என்றால் 0.08206. லிட்டரும் பாரும் என்றால் 0.08314. லிட்டரும் கிலோபாஸ்கலும் என்றால் 8.314.

இந்த 101.3 மடங்கு Δn-ஐப் பொறுத்து அடுக்கேறும் என்பதையும் கவனியுங்கள். Δn 1 ஆக உள்ள வினையில் விடை 101 மடங்குதான் விலகும். Δn பூச்சியமாக இருந்தால் எந்த R போட்டாலும் ஒரே விடைதான். ஹைட்ரஜனும் அயோடின் ஆவியும் சேர்ந்து ஹைட்ரஜன் அயோடைடு ஆகும் வினையில் மட்டும் பயிற்சி எடுத்தவருக்கு இந்தத் தவறு தன்னிடம் இருப்பதே தெரியாது.

அறிகுறி 3: இரண்டரை மடங்கு மட்டும் விலகுகிறது

என்னைக் கேட்டால் இதுதான் மோசமான தவறு. கோடி மடங்கு விலகினால் யாருக்கும் கண்ணில் படும். இது கண்ணில் படாமல் போய்விடும்.

விடை 3.56 × 10⁻⁵. மடங்கு 2.39, அதன் வர்க்கமூலம் 1.546. அதாவது 773.15-ஐ 500 ஆல் வகுத்தால் வரும் எண். வெப்பநிலையைச் செல்சியஸிலேயே விட்டுவிட்டோம். 10⁻⁵ என்ற அளவு சரியாக வந்துவிடுவதால் விடை நம்பும்படியாகவே இருக்கும். வெப்பநிலை உயர உயர இந்தத் தவறு இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். 1000 °C-இல் மடங்கின் அடி 1.27 மட்டுமே. அறை வெப்பநிலையில் நேர்மாறு. 25 °C-ஐ அப்படியே போட்டால் அடி கிட்டத்தட்ட 12, உடனே தெரிந்துவிடும்.

இதற்குத் தீர்வு சாதாரணமானது. RT-ஐத் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள். அட்மாஸ்பியரும் லிட்டரும் எடுத்தால் 25 °C-இல் RT 24.5, 500 °C-இல் 63.4. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் இடையில் உள்ள வெப்பநிலைகளுக்கு RT எங்கே இருக்க வேண்டும் என்று ஊகித்துவிடலாம். 500 °C கணக்கில் RT 41 என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவீர்கள்.

அறிகுறி 4: இரண்டு மூன்று சதவீதம் மட்டும் பொருந்தவில்லை

உங்கள் விடை 1.49 × 10⁻⁵, அட்டவணையில் 1.45 × 10⁻⁵. மடங்கு 1.027, வர்க்கமூலம் 1.013. நீங்கள் தவறு செய்யவில்லை. அட்டவணை பாரில் இருக்கிறது, நீங்கள் அட்மாஸ்பியரில் இருக்கிறீர்கள். திட்ட அழுத்தத்தை 1 அட்மாஸ்பியரிலிருந்து 1 பாருக்கு மாற்றும்படி பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1982-இல் பரிந்துரைத்தது. அதனால் பழைய அட்டவணைகளும் புதியவையும் இப்படிச் சிறிதாக விலகும். R-க்கு 0.08314 போட்டால் பொருந்திவிடும்.

அறிகுறி 5: விலகும் மடங்கு RT-க்கே சமமாக இருக்கிறது

வகுத்து வரும் மடங்கு அந்த வெப்பநிலையின் RT-ஆகவே இருந்தால், Δn ஒன்றால் கூடியோ குறைந்தோ விட்டது என்று பொருள். R, T, குறி எல்லாம் சரி, எண்ணிக்கைதான் தவறு. பெரும்பாலும் வாயு அல்லாத ஒன்றை வாயுவோடு சேர்த்து எண்ணியிருப்பீர்கள்.

அமோனியாவில் எல்லாமே வாயு, அதனால் அதை வைத்து இதைக் காட்ட முடியாது. திண்மம் இருக்கும் வினை வேண்டும். வகுப்பில் வழக்கமாகச் சுண்ணாம்புக்கல்லைத்தான் எடுப்போம்: CaCO3 பிரிந்து CaO-வும் CO2-வும் தருகிறது. ஆனால் இந்த எடுத்துக்காட்டு நம்மை ஏமாற்றிவிடுகிறது. வாயுவை மட்டும் எண்ணினால் Δn = 1 − 0 = 1. திண்மங்களையும் சேர்த்துத் தவறாக எண்ணினால் 2 − 1, அதுவும் 1. தவறாக எண்ணியவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. தான் சரியாகப் புரிந்துகொண்டோம் என்ற நம்பிக்கையோடு அடுத்த கணக்குக்குப் போகிறார்.

அதனால் நான் அமோனியம் ஹைட்ரோசல்ஃபைடை எடுப்பேன்.

```
NH4HS(s) ⇌ NH3(g) + H2S(g)
```

மூடிய கலனில் இந்தத் திண்மத்தை மட்டும் வைத்தால் 25 °C-இல் மொத்த அழுத்தம் சுமார் 0.66 அட்மாஸ்பியர் வரை ஏறி நிற்கும். இரண்டு வாயுக்களும் சம அளவில் வருவதால் ஒவ்வொன்றும் 0.33. ஆகவே Kp = 0.33 × 0.33 = 0.109. இப்போது Kc என்ன?

திண்மத்தையும் சேர்த்து எண்ணியவர் Δn = 2 − 1 = 1 என்பார். Kc = 0.109 / 24.47 = 4.45 × 10⁻³ என்று வரும். சரியான Δn 2. Kc = 0.109 / (24.47)² = 1.82 × 10⁻⁴. இரண்டுக்கும் இடையே 24.47 மடங்கு, அதாவது RT.

எது சரி என்று வாய்பாடே இல்லாமல் பார்த்துவிடலாம். 0.33 அட்மாஸ்பியர் என்றால் செறிவு 0.33 / 24.47 = 0.0135, அதாவது லிட்டருக்கு 0.0135 மோல். இரண்டு வாயுக்களின் செறிவையும் பெருக்கினால் 1.82 × 10⁻⁴. வாதம் முடிந்தது. திண்மம் Kc-யிலும் இல்லை, Kp-யிலும் இல்லை. எந்தப் பொருளுக்கு அழுத்தத்தைச் செறிவாக மாற்றவே இல்லையோ, அதற்காக RT ஒன்றைச் சேர்ப்பதற்குக் காரணமும் இல்லை.

இதே வழியில் இன்னொரு கண்ணியும் உண்டு. பொருள் அதேதான், ஆனால் வெப்பநிலை மாறும்போது அதன் நிலை மாறிவிடும். அயோடின் ஆவியாக இருக்கும் சூட்டில் H2 + I2 ⇌ 2HI வினைக்கு Δn பூச்சியம். அறை வெப்பநிலையில் அயோடின் திண்மம், அதே சமன்பாட்டுக்கு Δn 1 ஆகிவிடும். நீர் வரும் வினைகளிலும் இதே கதைதான். அடைப்புக்குள் g இருக்கிறதா, l இருக்கிறதா, s இருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணத் தொடங்காதீர்கள்.

அறிகுறி 6: எல்லாம் சரி, ஆனால் அட்டவணை எண் வேறு ஏதோவாக இருக்கிறது

மீண்டும் அமோனியாவுக்கு வருவோம். ஒரு அட்டவணையில் 500 °C-க்கு Kp 0.0039 என்று இருக்கிறது. நமக்கு வந்ததோ 1.49 × 10⁻⁵. இதில் எந்த அலகு மாற்றமும் உதவாது. ஆனால் 0.00386-ஐ வர்க்கப்படுத்திப் பாருங்கள், 1.49 × 10⁻⁵ வந்துவிடும். அட்டவணை ஒரு மோல் அமோனியாவுக்கு எழுதப்பட்டிருக்கிறது.

```
½N2 + 3/2 H2 ⇌ NH3
Δn = 1 − 2 = −1
Kc = √0.060 = 0.245
Kp = 0.245 / 63.44 = 3.86 × 10^−3
```

சமன்பாட்டைப் பாதியாக்கினால் K-க்கு வர்க்கமூலம், Δn-க்குப் பாதி. இரண்டும் சேர்ந்து மாற வேண்டும். பிழை நேர்வது ஒன்றை மட்டும் மாற்றும்போதுதான். 0.060-ஐ வைத்துக்கொண்டு Δn-ஐ −1 என்று எடுத்தால் 9.5 × 10⁻⁴ வரும். 0.245-ஐ வைத்துக்கொண்டு Δn-ஐ −2 என்று எடுத்தால் 6.1 × 10⁻⁵ வரும். முதலாவது இரண்டு மோல் சமன்பாட்டின் விடையான 1.49 × 10⁻⁵-இலிருந்தும், இரண்டாவது ஒரு மோல் சமன்பாட்டின் விடையான 3.86 × 10⁻³-இலிருந்தும் RT மடங்கு விலகுவதால், அறிகுறி 5 போலவே தோன்றும். திண்மம் எதுவும் இல்லாத வினையில் விலகல் RT-க்குச் சமமாக வந்தால், பாதிச் சமன்பாட்டைச் சந்தேகியுங்கள்.

அமோனியா ஆராய்ச்சியாளர்கள் ஒரு மோல் அமோனியாவுக்கு எழுதுவதையே வழக்கமாக வைத்திருந்தார்கள். பாடப்புத்தகங்களோ பின்னம் வேண்டாம் என்று இரண்டு மோலுக்கு எழுதுகின்றன. இரண்டும் சரிதான். எந்தச் சமன்பாட்டுக்கு இந்த எண் என்று கேட்காமல் எண்ணை மட்டும் எடுத்துவருவதில்தான் சிக்கல்.

அறிகுறி 7: அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட Kp நகர்கிறது

இது கணக்குத் தாளில் வராது. ஆய்வுக்கூட எண்களை அல்லது தொழிற்சாலை எண்களை வைத்துப் பார்க்கும்போது வரும். வெப்பநிலை மாறவில்லை, சமன்பாடு ஒன்றே, அலகு ஒன்றே. ஆனால் மொத்த அழுத்தம் ஏறும்போது Kp-யும் மெல்ல ஏறுகிறது.

1920-களில் அமெரிக்காவில் லார்சனும் டாட்ஜும் அமோனியாச் சமநிலையை உயர் அழுத்தங்களில் அளந்தார்கள். 450 °C-இல், ஒரு மோல் அமோனியாவுக்கு எழுதிய சமன்பாட்டுக்கு, 10 அட்மாஸ்பியரில் Kp 0.0066. 100 அட்மாஸ்பியரில் அது 0.0073. 300-இல் 0.0088, 600-இல் 0.0129. அறுநூறு அட்மாஸ்பியருக்குப் போவதற்குள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது.

சமநிலை மாறிலி மாறிவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. நாம் அடியில் வைத்த P = cRT அந்த அழுத்தத்தில் பொருந்தவில்லை. மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் சொந்தக் கன அளவையும் ஒன்றை ஒன்று இழுப்பதையும் இனி விட்டுவிட முடியாது. பகுதி அழுத்தத்தை வைத்து எழுதிய Kp நகரும், அதை (RT)^Δn வழியாக Kc ஆக்கினால் அந்த Kc-யும் நம்பத்தக்கது அல்ல. மாறாத எண் வேண்டுமானால் ஒவ்வொரு வாயுவின் அழுத்தத்தையும் அதன் திருத்தக் காரணியால் பெருக்கிய பிறகுதான் Kp-ஐ எழுத வேண்டும். ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலை 1913-இல் சுமார் 200 அட்மாஸ்பியரில் அமோனியா செய்யத் தொடங்கியது. அத்தகைய அழுத்தங்களுக்குப் பாடப்புத்தக வாய்பாட்டை அப்படியே பயன்படுத்த முடியாது.

இதிலிருந்து நம் சொந்தக் கணக்குக்கும் ஒன்று தெரிகிறது. முதல் பகுதியில் சரிபார்ப்பதற்காக ஒரு கலவை செய்தோம் இல்லையா, அதன் மூன்று பகுதி அழுத்தங்களையும் கூட்டினால் 106 அட்மாஸ்பியர். அந்தக் கணிதம் பிழையற்றது, ஏனென்றால் வாய்பாடும் சரிபார்ப்பும் ஒரே P = cRT-ஐ நம்பின. ஆனால் உண்மையான உருளையில் அப்படி ஒரு கலவையை அடைத்து அளந்தால், லார்சன்-டாட்ஜ் எண்கள் காட்டுகிறபடி ஒரு மோல் சமன்பாட்டின் Kp-யிலேயே பத்து சதவீத அளவுக்கு விலகல் வரும். இரண்டு மோல் சமன்பாட்டில் அது வர்க்கமாவதால் இருபது சதவீதத்தைத் தொடும். எனவே அந்தக் கலவைக்கு Kp-ஐ 1.4908 × 10⁻⁵ என்று ஐந்து இலக்கத்தில் எழுதுவதில் பொருளில்லை. 1.5 × 10⁻⁵ அட்மாஸ்பியர்⁻² என்று எழுதி, குறைந்த அழுத்தத்துக்கான மதிப்பு என்று பக்கத்தில் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.